விமர்சனம் எழுதியவர் பொருளை உண்மையிலேயே பயன்படுத்தினாரா?

கேள்வி: வெளி இரைச்சலைக் குறைக்கும் ஹெட்போன் ஒன்று வாங்க நினைக்கிறேன். ஒரு விமர்சனத்தில் தொழில்நுட்ப விவரங்கள் ஏராளம், ஐந்து நட்சத்திரமும் கொடுத்திருக்கிறார். இன்னொருவர் நாலைந்து வரிதான் எழுதியிருக்கிறார். குறையும் சொல்கிறார், வேறொரு ஹெட்போனோடும் ஒப்பிடுகிறார். யாரை நம்புவது?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் நான் இரண்டாமவர் பக்கம்தான் சாய்வேன். அவர் குறை சொன்னார் என்பதற்காக அல்ல. விவரம் எத்தனை இருக்கிறது என்பதை விட, அது எங்கிருந்து வந்தது என்பதுதான் முக்கியம்.

முதல் விமர்சனம் அநேகமாக இப்படி இருக்கும்: ‘40 மில்லிமீட்டர் டிரைவர், புளூடூத் 5.3, 30 மணி நேர பேட்டரி. போட்டவுடன் வெளிச் சத்தம் எதுவுமே கேட்காது.’ இதில் உள்ள எண்கள் எல்லாம் அட்டைப்பெட்டியில் அச்சாகியிருப்பவை. ஹெட்போனைக் காதில் வைக்காமலே எழுதிவிடலாம். அவர் சொந்தமாகச் சொன்னது கடைசி வாக்கியம் ஒன்றுதான். அதுவோ தவறு.

ஏன் தவறு என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்த வகை ஹெட்போனில் உள்ள மைக், வெளிச் சத்தத்தைப் பிடிக்கிறது. உள்ளே இருக்கும் மின்சுற்று அந்த அலைக்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி ஒலிக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன. 100 ஹெர்ட்ஸ் அளவிலுள்ள எஞ்சின் உறுமலின் அலைநீளம் மூன்று மீட்டருக்கும் மேல். எதிர் அலை கணநேரம் தாமதித்தாலும் பெரிய பிசகு வராது. 3,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 11 சென்டிமீட்டர்தான். அங்கே மிகச் சிறிய தாமதமும் கணக்கைக் குலைத்துவிடும். அதனால் ஒரே சீராக வரும் கனத்த இரைச்சல் நன்றாக அடங்கும். பேச்சு, குழந்தையின் அழுகை, பாத்திரம் விழும் ஓசை போன்றவை குறையுமே தவிர மறையாது. அவற்றைத் தடுப்பது பெரும்பாலும் காதை மூடும் மெத்தைதான். ‘எதுவுமே கேட்காது’ என்பவர் பயன்படுத்தாதவராக இருக்கலாம், அல்லது ஏற்கெனவே அமைதியான அறையில் பயன்படுத்தியவராக இருக்கலாம். எப்படியானாலும் அந்த வாக்கியம் உங்களுக்கு உதவாது.

இரண்டாமவர் இப்படி எழுதியிருந்தால் பாருங்கள்: ‘விமான எஞ்சின் சத்தம் பெருமளவு போய்விட்டது, பக்கத்து இருக்கைக்காரர் பேச்சு மட்டும் கேட்டது. மூக்குக்கண்ணாடி போட்டபோது இரைச்சல் மறுபடி உள்ளே வந்தது.’ இந்த மூன்று விவரங்களும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. எஞ்சின் அடங்கிப் பேச்சு கேட்டதற்குக் காரணம் மேலே சொன்னதுதான். கண்ணாடியின் காம்பு மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி உண்டாக்குகிறது. அதன் வழியே முதலில் நுழைவது கனத்த சத்தம்தான். இவர் இந்த அறிவியலை அறிந்து எழுதியிருக்க வேண்டியதில்லை. காதில் விழுந்ததை அப்படியே எழுதினார், அது பொருள் வேலை செய்யும் விதத்தோடு ஒத்துப்போகிறது. நான் முதலில் தேடுவது இந்தப் பொருத்தத்தைத்தான்.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் சிகாகோ நகரின் 20 ஹோட்டல்களைப் பற்றிய 400 உண்மை விமர்சனங்களையும், காசு கொடுத்து எழுதவைத்த 400 பொய் விமர்சனங்களையும் ஒப்பிட்டார்கள். உண்மையானவற்றில் குளியலறை, தளம், அறையின் அளவு என்று இடத்தைப் பற்றிய சொற்கள் அதிகம். பொய்யானவற்றில் யாரோடு போனேன், எதற்காகப் போனேன் என்பதே தூக்கலாக இருந்தது. அங்கே தங்காதவருக்கு அறை எப்படி இருந்தது என்று தெரியாது, ஆனால் ‘கணவரோடு விடுமுறைக்குப் போனேன்’ என்று யாராலும் எழுத முடியும். ஹெட்போனிலும் அப்படித்தான். ‘என் தம்பியின் பிறந்தநாளுக்கு வாங்கினேன், அவனுக்கு ஒரே சந்தோஷம்’ என்பது குறிப்பான விவரம்போலத் தோன்றும், ஆனால் அது ஹெட்போனைப் பற்றிய விவரமே அல்ல. இதே ஆய்வில் வெறுமனே படித்துத் தீர்ப்புச் சொன்ன மனிதர்கள், நாணயம் சுண்டிப் பார்த்தால் கிடைக்கும் அளவுக்குத்தான் சரியாகச் சொன்னார்கள். ஆகவே ‘படித்தாலே எனக்குத் தெரிந்துவிடும்’ என்ற உள்ளுணர்வை நம்ப வேண்டாம். விவரத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்.

இனி ஒப்பீடு. ஒப்பிட்டாலே நம்பலாம் என்றில்லை. ‘மற்றதை விட இது பல மடங்கு மேல்’ என்பது ஒப்பீடுபோல ஒலிக்கும் பாராட்டு, அவ்வளவுதான். தன் பழைய, மெத்தை கிழிந்த ஹெட்போனோடு ஒப்பிடுபவரும் பொய் சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பக்கத்தில் எந்தப் புதியதும் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் கடையில் தேர்ந்தெடுக்கப் போவது அதே விலையில் இருக்கும் இரண்டு மூன்று புதியவற்றுக்குள்தான். அவற்றில் ஒன்றோடு ஒப்பிட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

அப்படி ஒப்பிட்டிருந்தால், ஒரே சூழ்நிலையில் வைத்துப் பார்த்தாரா என்பது அடுத்தது. ஒன்றை விமானத்திலும் மற்றதை வீட்டிலும் போட்டுப் பார்த்தவரின் தீர்ப்பு, இடங்களைப் பற்றிய தீர்ப்பாகிவிடும். ஒலித்தரத்தை ஒப்பிடும்போது இன்னொரு பொறி இருக்கிறது. இரண்டில் எது சற்று உரக்க ஒலிக்கிறதோ, அதுவே தெளிவாகவும் செழுமையாகவும் இருப்பதாக நம் காது எடுத்துக்கொள்ளும். வித்தியாசம் சிறிதாக இருந்தால், ஒன்று உரத்தது என்றே நமக்கு உறைக்காது. நல்லது என்று மட்டும் தோன்றும். எனவே ‘இரண்டையும் ஒரே அளவு ஒலியில் வைத்துக் கேட்டேன்’ என்று ஒருவர் எழுதியிருந்தால், அவர் சொல்லும் மற்றவற்றுக்கும் நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். இதைச் செய்யத் தோன்றுவது, ஒப்பிட்டுப் பழகியவர்களுக்குத்தான்.

நல்ல ஒப்பீட்டில் தோற்ற பொருளும் ஏதாவது ஒன்றில் ஜெயிக்கும். ‘இரைச்சலைக் குறைப்பதில் இது முன்னே, ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போட்டால் தலையை இறுக்குகிறது, மற்றது இறுக்கவில்லை’ என்று எழுதுபவர் இரண்டையும் நீண்ட நேரம் போட்டிருக்க வேண்டும். இறுக்கம் முதல் பத்து நிமிடத்தில் தெரியாது.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. ‘மிக நன்று, வாங்கலாம்’ என்று மட்டும் எழுதியவர் நேர்மையானவராக இருக்கலாம். அவரை நம்பக்கூடாது என்றில்லை, அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. ‘மூன்றாம் மாதம் இடது பக்கம் நின்றுபோனது’ என்பது முழு உண்மையாக இருந்தாலும் அது ஒரே ஒரு ஹெட்போனின் கதை. அதே பழுதைப் பலர் தத்தம் சொற்களில் சொன்னால் மட்டுமே கணக்கில் எடுங்கள். ஒரே பாராட்டைப் பலர் ஒரே சொற்றொடரில் சொன்னால் எல்லோரும் ஒரே விளம்பரத் தாளைப் பார்த்து எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். பொய் விவரத்தைத் திறமையாகப் புனைபவர்களும் இருக்கிறார்கள். எழுதுபவர் பொருளை நன்கு அறிந்தவராக இருந்தால் இந்தச் சோதனைகளில் அவர் தேறிவிடுவார்.

அதனால் இரண்டாமவரிடம் நேரே கேட்டுப் பாருங்கள். நீங்கள் கண்ணாடி போடுபவரானால், ‘தடித்த காம்புள்ள கண்ணாடியோடு போட்டால் எவ்வளவு இரைச்சல் உள்ளே வருகிறது, அந்த மற்ற ஹெட்போனிலும் அப்படியா?’ என்று கேளுங்கள். இரண்டையும் பயன்படுத்தியவர் எதில் குறைவு, எப்போது மோசம் என்று பிரித்துச் சொல்வார், அல்லது மெல்லிய காம்போடு மட்டுமே பார்த்தேன் என்பார். இரண்டுமே உங்களுக்குப் பயன்படும் பதில்தான். ‘கவலையே வேண்டாம், தாராளமாக வாங்குங்கள்’ என்று மட்டும் பதில் வந்தால், அவருடைய ஒப்பீட்டையும் ஒதுக்கிவிட்டு வேறொருவரைத் தேடுங்கள்.