ரூபாயில் கட்டினால் ஏன் கூடுதலாகப் போகிறது?

கேள்வி: சார், சிங்கப்பூரில் இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். அங்கே ஒரு கடையில் 400 டாலருக்குப் பொருள் வாங்கி கிரெடிட் கார்டு கொடுத்தேன். ரூபாயா, டாலரா என்று மெஷின் கேட்டது. நம்ம ஊர்ப் பணம்தானே, எவ்வளவு போகிறது என்று உடனே தெரியுமே என்று ரூபாயை அழுத்தினேன். 27,300 ரூபாய்க்கு சீட்டு வந்தது. ஊருக்கு வந்து ஸ்டேட்மென்ட் பார்த்தால் அந்த 27,300-க்குக் கீழே 273 ரூபாய் தனியாக, அதற்கு ஜிஎஸ்டி 49.14 தனியாகப் பிடித்திருக்கிறார்கள். ரூபாயில் கட்டியதற்கு எதற்கு இந்தப் பிடித்தம்? திரும்பக் கிடைக்குமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பிடித்த அந்த 322 ரூபாய் உங்கள் கண்ணில் பட்டுவிட்டது. அதைவிடப் பெரிய தொகை ஒன்று 27,300-க்குள்ளேயே இருக்கிறது. அதிலிருந்து ஆரம்பிப்போம்.

கார்டைச் செருகியதுமே அது இந்திய வங்கியின் கார்டு என்று மெஷினுக்குத் தெரிந்துவிடும். கார்டு எண்ணின் முதல் சில இலக்கங்களிலேயே அந்த விவரம் இருக்கிறது. உடனே ரூபாய்க் கணக்கைத் திரையில் காட்டும். இந்த வசதிக்கு டைனமிக் கரன்சி கன்வெர்ஷன், சுருக்கமாக டிசிசி என்று பெயர். அந்த ரேட்டைப் போடுவது உங்கள் வங்கியும் இல்லை, விசாவோ மாஸ்டர்கார்டோ இல்லை. கடைக்கு மெஷின் கொடுத்த வங்கியும், அதற்காக இந்த மாற்று வேலையைச் செய்யும் நிறுவனமும் போடும் ரேட் அது. சந்தை ரேட்டுக்கு மேல் தங்கள் லாபத்தை வைத்துத்தான் போடுவார்கள். 3 சதவீதம் வைப்பவர்களும் உண்டு, 7, 8 சதவீதம் வைப்பவர்களும் உண்டு. அதில் ஒரு பங்கு பெரும்பாலும் கடைக்காரருக்கும் போகிறது. சில கடைகளில் நம்மைக் கேட்காமலே ரூபாயை அழுத்திவிட்டு மெஷினை நீட்டுவதற்கு அதுதான் காரணம்.

உங்கள் சீட்டுக் கணக்கைப் பாருங்கள். 27,300-ஐ 400-ஆல் வகுத்தால் ஒரு டாலர் 68 ரூபாய் 25 பைசா. அன்றைக்கு விசா, மாஸ்டர்கார்டு ரேட் 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உங்கள் பொருளின் உண்மையான விலை 26,000 ரூபாய்தான். மேலே போன 1,300 ரூபாய், அதாவது 5 சதவீதம், ரேட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. தனித் தொகையாக வராததால் அது பிடித்தம் மாதிரியே தெரியாது. மண்ணடியில் மணி சேஞ்சரிடம் டாலர் வாங்கும்போது 20 பைசாவுக்காகப் பக்கத்துக் கடையிலும் போய் விசாரிப்போம். இங்கே டாலருக்கு மூன்றே கால் ரூபாய் போயிருக்கிறது.

சரி, டாலரில் கட்டியிருந்தால்? அப்போதும் சும்மா விடமாட்டார்கள். வெளிநாட்டுச் செலவுக்கு உங்கள் வங்கி மார்க்அப் என்று ஒன்றைப் போடும். நம் ஊர் கார்டுகள் பலவற்றில் அது 3.5 சதவீதம். 26,000-க்கு 910 ரூபாய், அந்த 910-க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 163.80. ஆக மொத்தம் 27,073.80. நீங்கள் கட்டியதோ 27,300-உம் 322.14-உம் சேர்த்து 27,622.14. வித்தியாசம் 548 ரூபாய் சொச்சம். இத்தனைக்கும் இது மார்க்அப் அதிகமுள்ள கார்டை வைத்துப் போட்ட கணக்கு. 2 சதவீத கார்டாக இருந்திருந்தால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சமாகியிருக்கும். மார்க்அப்பே இல்லாத கார்டுகளும் இப்போது கிடைக்கின்றன. அப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ரூபாயை அழுத்தினால், அந்த கார்டை எதற்காக வாங்கினோமோ அந்தப் பலனே போய்விடும்.

இப்போது அந்த 273-க்கு வருவோம். திரையில் ரூபாய் என்று வந்தாலும் கடை சிங்கப்பூர் கடைதான், பணம் போய்ச் சேர்வதும் சிங்கப்பூருக்குத்தான். எனவே உங்கள் வங்கிக் கணக்கில் அது வெளிநாட்டுப் பரிவர்த்தனை. ரூபாயில் நடந்த வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு என்று பல வங்கிகள் 1 சதவீதம் போல ஒரு கட்டணம் வைத்திருக்கின்றன. உங்களுக்குப் பிடித்திருப்பது அதுதான். ரூபாயில் கட்டினாலும் முழு மார்க்அப்பையும் போடும் வங்கிகள் இருக்கின்றன, அங்கே அடி இன்னும் பலம். வீட்டில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டு இணையதளத்தில் ரூபாயில் ஹோட்டல் புக் செய்தாலும், அந்த நிறுவனம் வெளிநாட்டில் பதிவானதாக இருந்தால் இதே கட்டணம் வரும்.

‘எவ்வளவு போகிறது என்று உடனே தெரியும்’ என்பதுதான் இந்த வசதியை விற்கிறவர்களும் சொல்கிற காரணம். அது பொய் இல்லை. டாலரில் கட்டினால், கணக்கு வங்கிக்கு வந்து சேரும் ஓரிரு நாளில் ரேட் கொஞ்சம் மாறலாம். ஆனால் சிங்கப்பூர் டாலர் இரண்டு நாளில் அசைவது வழக்கமாக பைசாக் கணக்கில்தான். அந்த பைசாவுக்குப் பயந்து 5 சதவீதத்தை முன்கூட்டியே கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. டிசிசி லாபமாக முடிகிற இடம் ஒன்றும் உண்டு: அவர்கள் வைத்த லாபம் 2, 3 சதவீதத்துக்குள் இருந்து, உங்கள் கார்டின் மார்க்அப் அதிகமாகவும் இருந்து, வங்கி அந்த 1 சதவீதத்தையும் கேட்காமல் இருக்க வேண்டும். மூன்றும் ஒன்றாக அமைவது அபூர்வம். கல்லா முன்னால் நின்றுகொண்டு அதை ஆராய்ந்து பார்க்கவும் நேரம் இருக்காது.

அடுத்த தடவை போகும்போது மெஷினை நீங்களே கையில் வாங்கி, INR, SGD இரண்டில் SGD-யை அழுத்துங்கள். எந்த ஊரோ அந்த ஊர்ப் பணம். கடைக்காரரே ரூபாயை அழுத்திவிட்டால் பின் நம்பரைப் போடாதீர்கள், ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். சீட்டு வந்த பிறகு கவனித்தாலும் அங்கேயே கேன்சல் செய்யச் சொல்லலாம். ஏடிஎம்மில் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். அங்கே Accept conversion, Decline conversion என்று வரும். Decline என்றால் பணமே வராதோ என்று பயந்து பலர் Accept-ஐ அழுத்திவிடுகிறார்கள். Decline கொடுத்தாலும் பணம் வரும், மாற்றிக் கொடுக்கும் வேலை மட்டும் உங்கள் கார்டு பக்கம் போய்விடும். அந்த ஏடிஎம் தனியாகக் கேட்கும் கட்டணம் வேறு சங்கதி, அது எதை அழுத்தினாலும் போகாது.

உங்கள் பணம் திரும்பக் கிடைக்குமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை. எந்தப் பணத்தில் கட்டுவது என்று வாடிக்கையாளரைக் கேட்டே ஆக வேண்டும் என்பது விசா, மாஸ்டர்கார்டு விதி. கேட்காமலே ரூபாயில் போட்டிருந்தால் சீட்டின் நகலோடு வங்கியிடம் புகார் கொடுக்கலாம். உங்களை மெஷின் கேட்டது, நீங்களே தேர்ந்தெடுத்தீர்கள். 27,300-இல் கைவைக்க வழியில்லை. 273-க்கு மட்டும் உங்கள் கார்டின் கட்டணப் பட்டியலை வங்கியின் இணையதளத்தில் எடுத்துப் பாருங்கள். ரூபாயில் நடந்த வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குக் கட்டணம் என்று அதில் எதுவும் போடாவிட்டால், அதைக் குறிப்பிட்டு வங்கிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் ஆன்லைனிலேயே புகார் செய்யலாம், அதற்குக் கட்டணம் இல்லை.