நாலு நிமிஷம் மைக் உன் கையில்

*அக்கா, நான் மண்டபம் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு விலங்கியல் படிக்கிறேன். மாணவர் பிரதிநிதி. அடுத்த வாரம் முதலாமாண்டு மாணவர்களுக்கு அறிமுக நாள். முதல்வரும் தாளாளரும் பேசி முடித்ததும் நான் நாலு நிமிஷம் வரவேற்றுப் பேச வேண்டும். போன வருஷம் பேசிய அண்ணனின் பேச்சைக் கொடுத்தார்கள். "கல்லூரி என்னும் கடலில் முத்தெடுக்க வந்திருக்கும் செல்வங்களே" என்று ஆரம்பிக்கிறது. படிக்கவே கூச்சமாக இருக்கிறது. ஜூனியர்கள் சிலரை மேடைக்குக் கூப்பிட்டுப் பாட வைத்தால் கலகலப்பாக இருக்கும் என்கிறார்கள் தோழிகள். தமிழில் பேசவா, இங்கிலீஷிலா? என்னதான் பேசுவது?*
*— பெயர் வேண்டாம், மண்டபம்*

தங்கச்சி,

அந்தப் பேச்சை அண்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிடு. எதிரே உட்காரப் போகிறவர்களில் பல பேர் வீட்டில் கடல் தொழில். அவர்களுக்குப் போய் மேடையில் நின்று முத்துக் குளிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டாம்.

உன் முறை வரும்போது அந்தப் பிள்ளைகள் எப்படி இருப்பார்கள் என்று யோசித்துப் பார். ஒன்றரை மணி நேரமாக உட்கார்ந்திருப்பார்கள். கல்லூரியின் வரலாற்றைத் தாளாளர் சொல்லியிருப்பார், விதிமுறைகளை முதல்வர் சொல்லியிருப்பார். நாளைக் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீதான். மேடையில் இருப்பவர்களிலேயே அந்த வாசலில் திருதிருவென்று நின்றது ஞாபகம் இருக்கிற ஆளும் நீதான்.

நேரக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். மைக்கில் நிதானமாகத் தமிழ் பேசினால் நிமிஷத்துக்கு 80, 90 சொல்தான் வரும். நாலு நிமிஷத்துக்கு 350 சொல் என்று எழுதிக்கொண்டு போகாதே. கைதட்டல், மைக் கரகரப்பு, நீ எச்சில் விழுங்குகிற நேரம் எல்லாம் அதில்தான் கழியும். 200 சொல்லைச் சுற்றி எழுது. மேடையில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் பட்டப்பெயரோடு தனி வணக்கம் வைத்தால் ஒரு நிமிஷம் அதிலேயே போய்விடும். ஒரே வாக்கியத்தில் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிடு. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அவர்களுக்கும் பசிக்கும்.

பேச்சில் மூன்றே விஷயம் வை. நாளைக் காலை எங்கே போக வேண்டும், வருகைப்பதிவு, பிரச்சினை என்றால் யாரிடம் போவது. நான் எழுதிப் பார்த்தது இது. இடம், நேரம், பஸ் எல்லாவற்றையும் உன் கல்லூரிக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்.

"மேடையில் இருக்கும் முதல்வர், தாளாளர், பேராசிரியர்கள் எல்லோருக்கும் வணக்கம். முதல் வருஷத் தம்பி தங்கச்சிகளுக்கும் வணக்கம். நான் மூணாம் வருஷம் விலங்கியல். இந்தக் கல்லூரிக்கு வந்த முதல் நாள், தப்பான வகுப்பில் போய் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் வணிகவியல் கேட்டவள். உங்களுக்கு அந்த நிலைமை வர வேண்டாம். நாளைக்குக் காலையில் நூலக வாசலில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு அக்கா, ஒரு அண்ணன் நிற்பார்கள். கையில் துறைப் பெயர் எழுதின அட்டை இருக்கும். அவர்கள் பின்னாலேயே போங்கள்.

ரெண்டாவது, வருகைப்பதிவு. 75 சதவீதம் வேணும். ஒரு பருவத்துக்கு 90 நாள் என்றால் 68 நாள் வந்தாகணும். கையில் இருக்கிற லீவு 22 நாள்தான். மழைக்காலம் இன்னும் வரவில்லை, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இராமேஸ்வரம் பக்கமிருந்து வருகிறவர்கள் முதல் மணிக்குப் பிந்தாத பஸ் எது என்று இந்த வாரமே பார்த்துவையுங்கள்.

மூணாவது, உங்களை யாராவது சீண்டினால், பாடு, ஆடு, பேர் சொல்லு என்று மறித்தால், அவர்கள் என் நண்பர்களாகவே இருந்தாலும் என்னிடம் சொல்லுங்கள். என்னிடம் சொல்லப் பிடிக்கவில்லை என்றால் வகுப்பு ஆசிரியரிடம் சொல்லுங்கள். அதுவும் வேண்டாம் என்றால் 1800-180-5522. காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பார்கள்.

கூட்டம் முடிந்ததும் வேப்பமரத்தடியில் நிற்பேன். இங்கே கேட்கக் கூச்சப்பட்டதை அங்கே வந்து கேளுங்கள். வாங்க, நன்றி."

தப்பான வகுப்பு விஷயம் நானாகப் போட்டது. உனக்கு உண்மையிலேயே நடந்தது ஏதாவது இருந்தால் அதை வை, இல்லையென்றால் எடுத்துவிடு. நடக்காததைச் சொன்னால் உன் வகுப்புக்காரர்களே பின்னால் உட்கார்ந்து சிரிப்பார்கள்.

வருகைப்பதிவுக்கு இவ்வளவு இடமா என்று கேட்பாய். நம் கடற்கரையில் அதுதான் சத்தமில்லாமல் ஆளைக் கவிழ்ப்பது. பல கல்லூரிகளில் முதல் மணிக்குப் பிந்தினால் அரை நாள் போச்சு. பாம்பனிலிருந்து வருகிற பையன் ஒருவன் திங்கட்கிழமை தோறும் பஸ் கூட்டத்தில் பிந்துகிறான் என்று வை. 15 வாரத்தில் ஏழரை நாள். அவனுடைய 22 நாளில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு நாள்கூட லீவு போடாமலே காலி. அதன் மேல் அக்டோபர், நவம்பர் மழை. ஆட்சியர் விடுமுறை அறிவித்தால் சிக்கல் இல்லை, அது வேலை நாள் கணக்கிலேயே வராது. அறிவிக்காமல் கல்லூரி நடந்து, ஊருக்குப் பஸ் மட்டும் வராத நாள் இருக்கிறதே, அதுதான் ஆப்சென்ட் ஆகும். அந்த மாதிரி நாளில் அன்றைக்கே வகுப்பு ஆசிரியருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று மரத்தடியில் சொல்லிக்கொடு. 75-க்குக் கீழே போனால் அபராதம் கட்டி மன்னிப்பு வாங்குகிற வழி பல இடங்களில் உண்டுதான். அதை மேடையில் சொல்லாதே. முதல் நாளே ஓட்டையைக் காட்டினால், அதில் நுழைகிற கணக்கைத்தான் போடுவார்கள். உன் கல்லூரியில் எத்தனை வேலை நாள், என்ன சதவீதம் என்பதை அலுவலகத்தில் கேட்டுச் சரிபார்த்துவிட்டு எண்ணைப் போடு.

அடுத்து உன் தோழிகளின் யோசனை. வேண்டவே வேண்டாம். ஒரு மாணவர் வழக்கமாகச் செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்லி, அதனால் அவர் வெட்கப்பட்டுக் குறுகிப் போனால் அதுவும் ராகிங்தான் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிமுறை சொல்கிறது. தமிழ்நாட்டில் ராகிங்குக்குத் தடைச் சட்டமே 1997 முதல் இருக்கிறது. "விருப்பப்பட்டவர்கள் வரலாம்" என்று கூப்பிட்டாலும், முந்நூறு பேர் முன்னால் ஒரு சீனியர் விரல் நீட்டிக் கூப்பிடும்போது விருப்பம் எங்கே இருக்கிறது? ஒரு கையில் அந்தத் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டு மறு கையால் பாடக் கூப்பிட்டால், எண்ணைச் சொன்னது சும்மா என்று அந்தப் பிள்ளைகளுக்கே புரிந்துவிடும். பாட்டு வேண்டுமென்றால் உன் தோழிகள் பாடட்டும். எனக்கும் கேட்க ஆசைதான்.

இன்னொன்று, இதை நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். "பரமக்குடிக்காரர்கள் கை தூக்குங்க, முதுகுளத்தூர் கை தூக்குங்க" என்று கலகலப்பாக்கப் பார்க்காதே. வேறு மாவட்டத்தில் அது விளையாட்டாகப் போகலாம். நம் பக்கம் ஊரைக் கேட்டால் அடுத்தது தெருவைக் கேட்பார்கள், தெருவைக் கேட்டால் எதைத் தெரிந்துகொள்ளக் கேட்கிறார்கள் என்று உனக்குத் தெரியாதா? முதல் நாளே அந்தக் கதவை நீ திறந்துவிட வேண்டாம். துறைப் பெயரைச் சொல்லிக் கைதட்டச் சொல், போதும்.

சங்கச் சந்தா, துறை டீ-ஷர்ட், சுற்றுலாப் பணம் பற்றி மேடையில் மூச்சு விடாதே. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகுக்குப் போகிற வீடுகளில் அந்த இரண்டு மாசம் வருமானம் வற்றிக் கிடந்த கையோடுதான் கல்லூரிச் சேர்க்கைக் கட்டணம் வருகிறது. வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு டீ-ஷர்ட் கணக்கு வயிற்றைக் கலக்கும். அதற்குப் பதிலாக, அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறதே, அதற்குக் கல்லூரியில் யாரைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்து வைத்துக்கொண்டு மரத்தடியில் சொல். அதைக் கேட்க நிறையப் பேர் வருவார்கள்.

மொழி பற்றிக் கேட்டிருந்தாய். தமிழில் பேசு. நம் பக்கம் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள்தான் அதிகம். பாடப்புத்தகம் இங்கிலீஷில் இருக்குமே என்கிற கலக்கம் அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கும். இங்கிலீஷ் பேச்சு உன் தரத்தைக் காட்டலாம், ஆனால் நூலக வாசல் எந்தப் பக்கம் என்று அவர்களுக்குப் போய்ச் சேராது.

பேசிப் பழக செல்போனில் பதிவு செய்து கேள். எந்த வாக்கியத்தின் முடிவில் மூச்சு வாங்குகிறாயோ அதை இரண்டாக உடை. மேடையில் பதற்றத்தில் வேகம் கூடும், அதனால் வீட்டில் சற்று மெதுவாகவே பழகு. முதல் இரண்டு வாக்கியத்தை மனப்பாடம் செய், மிச்சத்துக்கு உள்ளங்கை அளவு அட்டையில் குறிப்பு போதும். எண்களை மட்டும் அட்டையைப் பார்த்தே படி. தொலைபேசி எண்ணை இரண்டு முறை, நிறுத்தி நிறுத்திச் சொல். முதல் முறை பேனா தேடுவார்கள், இரண்டாவது முறைதான் எழுதுவார்கள். மைக்கை வாய்க்கு ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் சாய்த்துப் பிடி. வீல் என்று கத்தினால் நீ ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் நிற்கிறாய் என்று அர்த்தம், இரண்டு அடி பின்னால் போ. மின்சாரம் போனால் கத்தாதே, வரும்வரை சிரித்துக்கொண்டு நில்.

எழுதியதைத் துறைத்தலைவரிடம் முந்தின நாளே காட்டிவிடு, முக்கியமாக அந்தத் தொலைபேசி எண்ணைச் சொல்லப் போகிறாய் என்பதை. அவர் அதை முதல்முறையாக மேடையில் உட்கார்ந்து கேட்க வேண்டாம். துறைப் பெயர் அட்டை பிடிக்க ஆள் தயாரா என்பதையும் அன்றைக்கே பார்த்துக்கொள். பாட வைக்க ஆசைப்பட்ட அதே தோழிகளை நூலக வாசலில் நிறுத்து.