எல்லாத் துணிக்கும் 16-ஆம் நம்பர் ஊசியா?

கேள்வி: காரைக்குடி பக்கம் வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். ஜிக்ஜாக் மெஷின். எல்லாத்துக்கும் 16-ஆம் நம்பர் ஊசியும் ஒரே கோன் நூலும்தான். பட்டு ரவிக்கையில் தையல் ஓரம் சுருங்குது, ஜீன்ஸ் கால் மடிக்கும்போது ஊசி உடையுது, லெகின்ஸில் தையல் விட்டு விட்டு விழுது, பூவேலை போட்டால் நூல் பிரியுது. எதுக்கு எந்த ஊசி, எந்த நூல் வாங்கணும்?

பதில்: முதலில் உங்கள் கோனில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். நூலின் கனத்தைப் பெரும்பாலும் மூன்று விதமாகப் போட்டிருப்பார்கள். டெக்ஸ் என்றால் 1,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்ற கணக்கு. எண் கூடக்கூட நூல் தடிமன். டிக்கெட் எண் இதற்கு நேர் எதிர். எண் கூடினால் நூல் மெலிது. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 3,000 வரும். ஆக 75 டிக்கெட் நூல் 40 டெக்ஸ், 120 டிக்கெட் நூல் 25 டெக்ஸை ஒட்டி இருக்கும். 40/2 என்று மட்டும் போட்டிருந்தால் நாற்பதாம் நம்பர் இழை இரண்டு பிரியாக முறுக்கியது என்று பொருள். ரவிக்கைக்குச் சாதாரணமாகக் கடையில் தரும் பாலியஸ்டர் நூல் இதுதான். 120 டிக்கெட்டுக்குப் பக்கத்துக் கனம்.

ஊசி அட்டையில் 100/16, 75/11 என்று இரட்டை எண் இருக்கும். பெரிய எண்ணை நூறால் வகுத்தால் ஊசித் தண்டின் தடிமன் மில்லிமீட்டரில் கிடைக்கும். உங்கள் 16 சரியாக 1 மில்லிமீட்டர், 11-ஆம் நம்பர் 0.75. பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் 16 போடும் துளையின் பரப்பு 11 போடுவதைப்போல ஒன்றே முக்கால் மடங்கு. பருத்தியில் இது மறைந்துவிடும். கண்டாங்கிச் சேலைத் துணியில் சுடிதாரோ சட்டையோ தைத்தால் 14-ஆம் நம்பர் சாதாரண ஊசியே போதும், துளை கண்ணுக்கே தெரியாது. பட்டில் அப்படி இல்லை, போட்ட துளை போட்டதுதான்.

நம் ஊர் ரவிக்கையில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிறகு பிரித்து விடுவதற்காகப் பக்கத் தையலில் துணி விட்டு, இரண்டு மூன்று வரி அடிக்கிறோம். நான்கு வருடம் கழித்து ஒரு வரியைப் பிரித்தால், அதுவரை உள்ளே இருந்த துளை வரிசை வெளிப்பக்கம் வந்து நிற்கும். இஸ்திரி போட்டாலும் முழுக்க மறையாது. அதனால் பட்டுக்கு ஊசி வாங்கும்போது இன்றைய தையலோடு அந்த உள்வரிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கத்துக்கு டென்ஷனைக் குறை என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி நேரம் காரணம் அதுவாக இருக்காது. ரவிக்கைத் துணியில் மிஞ்சிய துண்டில் நீளவாக்கில் ஒரு சாண் துண்டு வெட்டி, லைனிங் இல்லாமல் இரண்டு மடிப்பாக வைத்து ஒரு வரி அடியுங்கள். சுருக்கம் வந்ததும், துணியைத் தொடாமல் கத்தரி நுனியால் ஒவ்வொரு தையலுக்கும் நடுவில் நூலை மட்டும் வெட்டிக்கொண்டே போங்கள். வெட்ட வெட்டத் துணி தானாகப் படிந்தால் குற்றம் டென்ஷனில். மேல் நூலையும் பாபின் நூலையும் கொஞ்சம் தளர்த்துங்கள். நூலை வெட்டிய பிறகும் சுருக்கம் அப்படியே நின்று, நூல் துண்டுகளை உருவி எடுத்த பிறகுதான் துணி அடங்குகிறது என்றால், பட்டின் நெருக்கமான இழைகளுக்குள் தடித்த நூல் இடம் பிடித்து அவற்றைத் தள்ளியிருக்கிறது. இதற்கு டென்ஷனை எவ்வளவு திருகினாலும் பயன் இல்லை. மெல்லிய நூலும் மெல்லிய ஊசியும்தான் வழி. அடுத்து, ஒற்றைத் துணியில் ஒரு வரி அடித்துப் பாருங்கள். அதில் சுருக்கமே வராமல் இரண்டு மடிப்பில் மட்டும் வந்தால், அடித்துணியைப் பல் வேகமாக இழுக்கிறது, மேல்துணி பின்தங்குகிறது. துணியை அமுக்கும் மெஷின் காலின் அழுத்தத்தைக் குறைத்துவிட்டுத் தையுங்கள்.

நீங்கள் சொல்லும் 16-ஆம் நம்பர், எல்லாத்துக்கும் ஒரே கோன் என்ற சேர்க்கையைப் பார்த்தால் நடுவில் சொன்ன இழை நெருக்கடியாகத்தான் இருக்கும். நீளவாக்குத் தையலில் சுருக்கம் அதிகமாகவும் சாய்ந்து வெட்டிய கைச்சுற்றில் குறைவாகவும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

லைனிங் போட்ட பட்டு ரவிக்கைக்கு 75/11 மைக்ரோடெக்ஸ் ஊசி, 120 டிக்கெட் நூல், தையல் நீளம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர். மைக்ரோடெக்ஸ் என்றால் நுனி மெலிந்து கூராக இருக்கும் ஊசி. சாதாரண ஊசியின் நுனி லேசாக உருண்டது. லைனிங் இல்லாத மெல்லிய பட்டுக்கு 65/9 ஊசியும் 180 டிக்கெட் நூலும். ஜிக்ஜாக் மெஷினில் தட்டின் துளை அகலமாக இருப்பதால் மெல்லிய பட்டு முதல் இரண்டு தையலில் உள்ளே இழுபடும். நேர்த்தையல் தட்டு கிடைத்தால் மாட்டுங்கள். அதை மாட்டியிருக்கும்போது மறந்தும் ஜிக்ஜாக் போடாதீர்கள், ஊசி தட்டில் இடித்து உடையும். தட்டு கிடைக்காவிட்டால் அடியில் மெல்லிய காகிதம் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்துக்கொள்ளலாம்.

ஜரிகை பார்டரை வைத்துத் தைத்ததும் ஊசி நுனியைக் கட்டைவிரல் நகத்தின் மேல் லேசாக இழுத்துப் பாருங்கள். ஜரிகையில் இழைமேல் உலோகம் சுற்றியிருக்கிறது. அதில் இடித்த நுனி மழுங்கி வளையும். நகத்தில் கீறல் விழுந்தால் அந்த ஊசியைத் தூக்கிப் போடுங்கள். அதே ஊசியோடு உடல் துணிக்கு வந்தால் துளையிலிருந்து குறுக்கே ஓர் இழை இழுபட்டு நேர்கோடாகப் பளபளக்கும். அதைச் சரிசெய்யவே முடியாது.

ஜீன்ஸுக்கு 16 சரியான நம்பர்தான், ஊசியின் வகைதான் தப்பு. ஜீன்ஸ் ஊசி என்று தனியாகக் கேளுங்கள். தண்டு விறைப்பாக இருக்கும், கெட்டித் துணியில் எளிதில் வளையாது. கால் ஓரத்தை இரண்டு முறை மடித்தால் மூன்று அடுக்கு. ஆனால் பக்கத்து இரட்டைத் தையல் வரும் இடத்தில் ஒவ்வொரு அடுக்கும் நான்காகி மொத்தம் பன்னிரண்டு. மெஷினின் கால் அந்த மேட்டில் ஏறும்போது முன்பக்கம் தூக்கிக்கொள்கிறது, துணி சரியாக நகராமல் ஊசியைச் சாய்க்கிறது, சாய்ந்த ஊசி தட்டில் இடித்து உடைகிறது. அந்த மேட்டைத் தைப்பதற்கு முன்னால் துணி போர்த்தி அம்மிக்குழவியாலோ சுத்தியாலோ தட்டிப் படிய வையுங்கள். கால் ஏறத் தொடங்கும்போது ஊசியைத் துணிக்குள் நிறுத்தி, காலைத் தூக்கி, பின்பக்கத்தில் அதே உயரத்துக்கு மடித்த ஜீன்ஸ் துண்டு ஒன்றைச் செருகி மட்டமாக்குங்கள். அந்த நாலைந்து தையலை மோட்டாரில் விடாமல் சக்கரத்தைக் கையால் சுற்றிக் கடப்பது நல்லது.

நூல் 50 டிக்கெட் போதும், தையல் நீளம் 3.5. கம்பெனி ஜீன்ஸில் தெரிவதுபோல் தடித்த மஞ்சள் நூல் வேண்டுமென்றால் 30 டிக்கெட்டை மேலே மட்டும் போட்டு, 110/18 ஊசிக்கு மாறி, நீளத்தை 4 ஆக்குங்கள். பாபினில் வழக்கமான நூலே இருக்கட்டும். இரண்டு பக்கமும் தடித்த நூல் போட்டால் முடிச்சு துணிக்குள் அடங்காமல் அடியில் திரளும்.

எந்த நூலுக்கு எந்த ஊசி என்று எண் தெரியாதபோது ஒரு சோதனை. ஊசியை மெஷினிலிருந்து கழற்றி, ஒரு முழம் நூலில் கோத்து, நூலைச் சாய்வாக இறுக்கிப் பிடியுங்கள். ஊசி தானாக வழுக்கி இறங்கினால் பொருத்தம். நடுவில் சிக்கி நின்றால் அந்த நூலுக்கு அந்தக் கண் போதாது, தைக்கும்போது நூல் உரசிப் பிரியும்.

லெகின்ஸில் தையல் விடுவதற்குக் காரணம் வேறு. ஊசி அடிவரை போய்த் திரும்பி இரண்டு மில்லிமீட்டர் ஏறும்போது, கண்ணுக்குப் பின்னால் நூல் ஒரு சிறு வளையமாக உப்பும். ஷட்டிலின் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்தால்தான் தையல் விழும். லைக்ரா கலந்த துணி ஊசியைக் கவ்விக்கொண்டு கூடவே மேலே எழும்புவதால் வளையம் உருவாவதே இல்லை. ஸ்ட்ரெச் ஊசியில் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் குழிவு ஆழம், கொக்கி நெருங்கிப் போக இடம் கிடைக்கும். 75/11 ஸ்ட்ரெச், 120 டிக்கெட் பாலியஸ்டர், ஜிக்ஜாக் அகலம் 1, நீளம் 2.5. நேர்த்தையல் போட்டால் உட்கார்ந்து எழுந்த அன்றே அறுந்துவிடும். சாதாரண பனியன் துணிக்கு உருண்டை நுனி உள்ள ஜெர்சி ஊசி போதும். கூரான ஊசி பனியன் கண்ணியை அறுத்துவிடும். தைக்கும்போது ஒன்றும் தெரியாது, முதல் துவையலில் தையலோரம் பொத்தல் பொத்தலாக வந்து வாடிக்கையாளர் திரும்பி வருவார்.

பூவேலைக்கு வாங்கும் பளபள நூலில் 40 என்று இருக்கும். 40/2 தையல் நூலோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கனம் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் இது முறுக்குக் குறைந்த ரேயான் அல்லது பாலியஸ்டர் இழை. உரசினால் உடனே சிலும்பும். உங்கள் 16 ஊசியில் கண் போதுமான அளவு பெரிதாகவே இருக்கும். அப்படியும் நூல் பிரிகிறது என்றால் ஊசி பழசாகிக் கண்ணின் விளிம்பில் பிசிறு வந்திருக்கிறது, இல்லையென்றால் மேல் டென்ஷன் அதிகம். 75/11 எம்பிராய்டரி ஊசி புதிதாகப் போட்டு, பாபினில் 60 நம்பர் மெல்லிய நூல் சுற்றி, மேல் டென்ஷனை பாபின் நூல் மேலே எட்டிப்பார்க்காத அளவுக்குத் தளர்த்துங்கள். பட்டில் போடுவதானால் வெட்டுவதற்கு முன்பே, அடியில் பேப்பர் ஃபோம் வைத்துப் போட்டுவிடுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தினால் பட்டு சல்லடையாகிக் கிழியும்.

ஜரிகை நூலுக்கு மட்டும் 90/14 டாப்ஸ்டிச் ஊசி, அதாவது கண் நீளமான வகை. வேகத்தைப் பாதியாக்குங்கள். அப்போதும் அறுந்தால் ஜரிகையை மேலே ஓட்டுவதை விட்டுவிட்டு பாபினில் சுற்றுங்கள். பூ வரைந்த தாளைத் துணியின் உள்பக்கம் ஒட்டி, அந்தப் பக்கத்தை மேலே வைத்து அதன்மேல் தைத்தால் ஜரிகை அடியில், அதாவது வெளிப்பக்கத்தில் படியும். இதற்கு பாபின் கேஸ் திருகைத் தளர்த்த வேண்டியிருக்கும். ஆகவே இன்னொரு பாபின் கேஸ் வாங்கி, நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்து, ஜரிகைக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.