அழைப்பவரின் பின்னால் கேட்கும் வானொலி

"கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். தனியாக இரவு நிகழ்ச்சி செய்யும் வானொலி அறிவிப்பாளர் ஒருவருக்கு எதிர்காலத்திலிருந்து அழைப்பு வருகிறது என்று 20 நிமிட பொட்காஸ்ட் நாடகம் எழுதியிருக்கிறேன். அழைப்பவர் தன்னைப் பற்றி விளக்கும் இடத்தில் கேட்பவர்கள் சலித்துப்போகிறார்கள். விளக்கத்தை எடுத்துவிட்டால் புரியவில்லை என்கிறார்கள். என்ன செய்யலாம்?"

அந்த விளக்கத்தைத் தூக்கிவிடுங்கள். தான் எதிர்காலத்தில் இருப்பது அழைப்பவருக்கே தெரியக்கூடாது. அவருக்கு அது வழக்கமான ஓர் இரவு, அவ்வளவுதான். காலம் பிசகியிருப்பதை அவருடைய தொலைபேசியின் பின்னணிச் சத்தம் சொல்லட்டும்.

நேயர் அழைப்பு நிகழ்ச்சிகளில் "ரேடியோவைக் குறைச்சுப்போட்டுக் கதையுங்கோ" என்று சொல்வதை எல்லாரும் கேட்டிருப்போம். அழைப்பவர் வீட்டு வானொலியின் சத்தம் தொலைபேசி வழியாகக் கலையகத்துக்குத் திரும்பி வந்து, மறுபடி ஒலிபரப்பில் கலந்து, எதிரொலிக்கும் அல்லது ஊளையிடும். அப்படித் திரும்பி வரும் குரல் சற்றுப் பிந்தித்தான் வரும். அறிவிப்பாளர் இன்னும் பேசாத ஒன்று அதில் வந்தால்? உங்கள் நாடகத்தின் முடிச்சை அங்கே போடுங்கள்.

ஒரு மாதிரி சொல்கிறேன். கலையகத்தில் ஆவணி மாதம், மின்விசிறிச் சத்தம் மட்டும். அழைப்பவர் மார்கழியில், காலபோக வயலில், காவல் கொட்டிலில் இருக்கும் முதியவர். முதல் அழைப்பில் அவர் குரலுக்குப் பின்னால் மாரித்தவளைகள் கத்துகின்றன. "அங்கை மழையோ ஐயா?" என்று அறிவிப்பாளர் கேட்டுவிட்டு விட்டுவிடட்டும். வன்னியில் வளர்ந்த எவருக்கும் ஆவணியில் அந்தச் சத்தம் காதில் உறுத்தும். இரண்டாம் அழைப்பு இப்படிப் போகலாம்:

ஒலி: தவளைச் சத்தம். தூரத்தில் சிறு வானொலி, சொற்கள் தெளிவில்லை.

அறிவிப்பாளர்: ஐயா, ரேடியோவைக் கொஞ்சம் குறையுங்கோ.

முதியவர்: தம்பி, நீங்கள் ரேடியோவிலை ஒண்டு கதைக்கிறியள், ஃபோனிலை வேறை கதைக்கிறியள்.

ஒலி: வானொலி நெருங்குகிறது. அறிவிப்பாளரின் குரலே: "இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறக்கப்படுகின்றன. கனகராயன் ஆற்றோரம் இருப்பவர்கள்..."

ஒலி: இணைப்பு அறுகிறது. மின்விசிறி.

"நீங்கள் எந்த ஆண்டிலிருந்து பேசுகிறீர்கள்?" என்ற கேள்வி தேவையில்லை. 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு அந்த அறிவித்தலின் கனம் தெரியும். சரி, அறிவிப்பாளர் தனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயப்பட வேண்டுமென்றால், அடுத்து அழைக்கும் வழமையான நேயர் ஒருவர் "அண்ணை, இவ்வளவு நேரமும் ஆரோடை தனியக் கதைச்சனீங்கள்?" என்று கேட்டால் போதும்.

எழுத்தில் எல்லாம் சரியாக இருந்தும் ஒலிக்கலவையில் இது கெட்டுப்போவதுண்டு. முதியவரின் குரலை மட்டும் தொலைபேசிக் குரலாக மாற்றிவிட்டு, தவளையையும் வானொலியையும் அப்படியே மேலே ஒட்டிவிடுவார்கள். அப்போது தவளை கலையகத்துக்குள் கத்தும்! முதலில் வானொலி அறிவித்தலை ஒரு கைப்பேசி ஒலிபெருக்கியில் போட்டு, இரண்டு மீற்றர் தள்ளி நின்று இன்னொரு கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அதனுடன் தவளையையும் முதியவரின் குரலையும் கலந்து ஒரே தடமாக்குங்கள். பிறகு அந்த முழுத் தடத்துக்கும் தொலைபேசி வடிகட்டியைப் போடுங்கள். பழைய தொலைபேசி இணைப்பு ஏறக்குறைய 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான ஒலியைத்தான் கடத்தும். Audacity-யில் Filter Curve EQ-க்குள் Telephone என்ற தயார் அமைப்பு இருக்கிறது. தலையணி மாட்டி, கண்ணை மூடிக் கேளுங்கள். தவளை முதியவரின் பக்கம் இருக்கிறதா, மின்விசிறியின் பக்கம் இருக்கிறதா? மின்விசிறியின் பக்கம் என்றால் வரிசை பிழைத்துவிட்டது.

இந்த வடிகட்டிக்கு ஒரு தொல்லை உண்டு. தவளைச் சத்தத்தின் அடித்தொனியை அது வெட்டிவிடும்; மிஞ்சுவது ஏதோ இயந்திர இரைச்சல் போலக் கேட்கலாம். ஒவ்வொரு தவளையின் கத்தலும் பிரிந்து கேட்கும் பதிவாகத் தேடி எடுங்கள். மழைச் சத்தத்தை இதில் சேர்க்காதீர்கள். தொலைபேசியில் மழை வெறும் இரைச்சலாகிவிடும், இணைப்புக் கோளாறு என்றுதான் நினைப்பார்கள்.

வான் கதவு அறிவித்தலை நடிகரிடம் ஒரே ஒரு தடவை பதிவு செய்யுங்கள். கடைசிக் காட்சியில் மார்கழி வந்து, அறிவிப்பாளர் கையில் அந்தத் தாள் கிடைக்கும்போது, அதே பதிவை வடிகட்டாமல் போடுங்கள். திரும்ப நடிக்கவைத்தால் இழுக்கும் மூச்சு மாறிவிடும், கேட்பவர் காது கண்டுபிடித்துவிடும்.