விற்பனைத் தூண்கள் ஏன் வரவில்லை?

கேள்வி: குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்கிறோம். பில் மென்பொருளிலிருந்து எடுத்த 12 மாதக் கணக்கை எக்செலில் வரைபடமாக்கினால் கூலிக்கு மட்டும் தூண்கள் வருகின்றன. விற்பனைத் தொகை மாதப் பெயரோடு கீழே எழுத்தாக நிற்கிறது. ஃபைல் கெட்டுவிட்டது, எல்லாவற்றையும் மறுபடி டைப் செய்ய வேண்டும் என்கிறார் கம்ப்யூட்டர் சென்டர்காரர். என்ன செய்வது ஐயா?

பதில்: ஃபைல் கெடவில்லை அம்மா, தயவுசெய்து மறுபடி டைப் செய்யக் கொடுக்காதீர்கள். வேலூரில் எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் இப்படிக் கொடுத்து, கூலியும் அழுது, இரண்டு மாதத் தொகை இடம் மாறியதைக் கணக்குத் தாக்கலின்போதுதான் கண்டுபிடித்தார்.

விற்பனைப் பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து, திரையின் அடிப்பட்டையைப் பாருங்கள். அங்கே Count மட்டும் இருந்து Sum இல்லையென்றால், அந்தத் தொகைகளை எக்செல் எழுத்தாகவே வைத்திருக்கிறது என்று பொருள். மாதப் பத்திக்கு அடுத்தே இன்னோர் எழுத்துப் பத்தி இருப்பதால், அதையும் பெயர் என்று எண்ணி அச்சின் கீழே தள்ளிவிடுகிறது. பெரும்பாலும் காரணம், தொகையோடு ஒட்டிவரும் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளிக் குறி. `=LEN(B2)` என்று போட்டால், 1,24,500 என்ற எட்டு எழுத்துத் தொகைக்கு ஒன்பது என்று வரும். காசு வாங்கி விற்கும் மென்பொருள், எண்ணை எண்ணாகக் கொடுக்கக்கூடவா தெரியாமல் இருக்கிறது!

பத்தியின் வடிவத்தை Number என்று மாற்றினால் போதும் என்பார்கள். அதனால் உள்ளே இருக்கும் எழுத்து எண்ணாகாது. TRIM என்ற கட்டளையும் அந்தக் குறியை நீக்காது. பக்கத்துக் காலிப் பத்தியில் இதை இட்டு, கடைசி மாதம் வரை இழுங்கள்:

```
=VALUE(SUBSTITUTE(SUBSTITUTE(B2,CHAR(160),""),",",""))
```

வந்த தொகைகளை நகலெடுத்து, பழைய விற்பனைப் பத்தியின் மேல் Paste Special சென்று Values என ஒட்டிவிட்டு, உதவிப் பத்தியை நீக்கிவிடுங்கள். இப்போது Sum தெரியும். அதைப் பில் மென்பொருளின் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். பழைய வரைபடம் தானாகத் திருந்தாது; விற்பனைப் பத்தியைப் பெயராகவே நினைவில் வைத்திருக்கும். அதை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

ஓர் இடத்தில் மட்டும் எல்லாம் தலைகீழாகும். மாதத்துக்குப் பதிலாக 2021, 2022 என்று ஆண்டுகளை முதல் பத்தியில் இட்டால், அவை உண்மையான எண்கள் என்பதாலேயே எக்செல் ஆண்டுக்கும் ஒரு தூண் எழுப்பும். விற்பனை இலட்சங்களில் இருந்தால் அந்தத் தூண் தரையோடு தரையாகக் கிடக்கும். கண்ணில் படாது, ஆனால் கீழே ஆண்டுகளுக்குப் பதில் 1, 2, 3 என்று வரும். அப்போது "ஆண்டு" என்ற தலைப்பு உள்ள கட்டத்தைக் காலியாக்கிவிட்டு, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வரைபடம் போடுங்கள். ஆண்டுகள் கீழே பெயராக இறங்கிவிடும். தலைப்பைப் பிறகு மறுபடி எழுதிக்கொள்ளலாம்.