மூன்று மேசைக்கும் ஒரே கணக்கு

"திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் இரண்டு மரச்செக்கு போட்டுக் கடலை எண்ணெய் ஆட்டலாம் என்றிருக்கிறேன். இரண்டு வருஷமாக வேறொருவர் செக்கில் ஆட்டி வாங்கி 60 வீடுகளுக்கு விற்கிறேன். செலவு 20 லட்சம். புதுத் தொழில் தொடங்குவோருக்கான மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. மானியத்துக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, 5 லட்சம் போட்டு 20 சதவீதப் பங்கு கேட்கும் அண்ணனின் நண்பருக்கு ஒன்று என மூன்று திட்ட அறிக்கை எழுதித் தந்திருக்கிறார்கள். மானியத்துக்கு 8 பேருக்கு வேலை, வங்கிக்கு 3 பேர், நண்பருக்கு மூன்றாம் வருஷம் 2 கோடி விற்பனை. இப்படி ஆளுக்கேற்ப மாற்றலாமா?"
– வாசகி, விழுப்புரம் மாவட்டம்

மாற்றலாம், ஆனால் எண்ணை அல்ல. எதை முதல் பக்கத்தில் வைப்பது, எதை விரித்துச் சொல்வது என்பது மட்டுமே மாறலாம். காரணம் எளிது: மானிய விண்ணப்பத்தை மாவட்டத் தொழில் மையம் பார்த்துவிட்டு, அப்படியே உங்கள் வங்கிக்குத்தான் அனுப்பும். 8 பேர் என்ற தாளும் 3 பேர் என்ற தாளும் ஒரே மேசைக்கு வந்து சேரும். கூடுதலான 5 பேருக்கு மாதம் 10,000 ரூபாய் சம்பளம் என்றாலும் வருஷத்துக்கு 6 லட்சம். நீங்கள் இணைத்திருந்த கணக்கில் தவணை கட்டுவதற்கு முன் மிஞ்சுவதே 4.8 லட்சம்தான். அதிகாரி இதைக் கால்குலேட்டர் இல்லாமலே கண்டுபிடிப்பார். நான் கடன் பிரிவில் இருந்த வருஷங்களில், நல்ல தொழில் தெரிந்தவர்களின் விண்ணப்பங்கள் கூட இப்படி இரண்டு தாள் முரண்பட்டுத் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

முதலில் வங்கி. அதிகாரி உங்கள் லாபத்தைவிடத் தவணையைத்தான் பார்ப்பார். பெண் தொழில்முனைவோர், கிராமப்புறம் என்பதால் உங்கள் சொந்தப் பங்கு 5 சதவீதம், அதாவது 1 லட்சம். வங்கி 19 லட்சம் தரும். 35 சதவீத மானியமான 7 லட்சம் கைக்கு வராது. 3 ஆண்டுகள் வங்கியிலேயே வைப்பாக இருக்கும். அந்த வைப்புக்கு வட்டி கிடையாது, அதற்கு ஈடான கடனுக்கும் வட்டி கிடையாது. மானியம் போக மிச்சமுள்ள இயந்திர, கொட்டகைக் கடனுக்கு அசலும் வட்டியுமாக வருஷத்துக்கு 2.7 லட்சம் என்று உங்கள் கணக்கு சொல்கிறது. மிஞ்சும் 4.8ஐத் தவணையான 2.7ஆல் வகுத்தால் 1.78. பொதுவாக 1.5 பக்கம் இருந்தாலே வங்கிகள் திருப்தி அடையும். ஆக, பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது அதிகாரி கேட்கப்போகும் கேள்வி: "பருப்பு விலை ஏறினா என்ன பண்ணுவீங்க?" லிட்டருக்கு இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு, மாதம் 1,500 லிட்டர் என்று போட்டிருக்கிறீர்கள். பருப்பு கிலோவுக்கு வெறும் 5 ரூபாய் ஏறி, எண்ணெய் விலையை நீங்கள் ஏற்ற முடியாமல் போனால் லிட்டருக்குப் பன்னிரண்டரை ரூபாய் போகும். வருஷம் 18,000 லிட்டருக்கு அது 2.25 லட்சம். மிச்சம் 2.55 லட்சமாக இறங்கும். தவணைக்கே போதாது. உங்கள் அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. வங்கிக்கான பிரதியில் இதை நீங்களே முதலில் எழுதுங்கள். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கடந்த ஓராண்டில் நிலக்கடலை என்ன விலைக்குப் போனது என்று மாதவாரியாகக் கேட்டு எழுதி வாருங்கள். விலை ஏறும் மாதத்தில் கடைகளுக்கான விலையையும் மாற்றுவோம் என்று கடைக்காரர்களிடம் பேசி, இரண்டு மூன்று பேரிடம் கடிதம் வாங்குங்கள். அறுவடையின்போது மொத்தமாக வாங்கி வைப்போம் என்று மட்டும் எழுதாதீர்கள். நடைமுறை மூலதனமாக நீங்கள் போட்டிருப்பது 6 லட்சம். ஒரு மாதப் பருப்புக்கே 110 ரூபாய் விலையில் 4 லட்சத்துக்கு மேல் ஆகும். கடைகளுக்கு 15 நாள் கடன் விட்டால் இன்னொரு 2 லட்சம் அங்கே நிற்கும். அவ்வளவுதான், முடிந்தது. 30 நாள் கடன் கேட்கும் கடையை வேண்டாம் என்று சொல்லும் நிலையில்தான் இருக்கிறீர்கள். அதையும் எழுதுங்கள்.

மானியத்தைப் பார்ப்பவரின் கவலை வேறு. அவர் தகுதியைச் சரிபார்க்கிறார்: கிராமப்புறம்தானா, புதுத் தொழிலா, நீங்களோ கணவரோ முன்பு இந்த மானியம் வாங்கியிருக்கிறீர்களா, நிலத்தின் விலையைத் திட்டச் செலவில் சேர்த்திருக்கிறீர்களா. சேர்த்திருந்தால் எடுத்துவிடுங்கள், நில விலைக்கு இடமில்லை. இயந்திரத்துக்குக் கொட்டேஷன் இருக்கட்டும். ஆட்கள் 3 பேர் என்றே போடுங்கள். பிறகு நேரில் வந்து பார்க்கும்போது எண்ணப்போவது அங்கே நிற்கிறவர்களைத்தான்.

உங்கள் விஷயத்தில் சிக்கலான இடம் "புதுத் தொழில்" என்பதுதான். நண்பருக்கான பிரதியில் "இரண்டு ஆண்டாக இயங்கும் எண்ணெய்த் தொழில்" என்று பெருமையாக இருக்கிறது. ஏற்கெனவே இயங்கும் தொழிலுக்கு இந்தத் திட்டத்தில் புதுத் தொழிலுக்கான மானியம் கிடையாது. உண்மை என்னவோ அதை மூன்றிலும் ஒரே வாக்கியமாக எழுதுங்கள்: "வேறொருவர் செக்கில் ஆட்டி வாங்கி விற்று வந்தேன், சொந்தமாக உற்பத்தி செய்ததில்லை." சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு ஏதாவது எடுத்திருந்தால் அதில் உற்பத்தி என்று இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் விண்ணப்பிக்கும் முன் தொழில் மையத்தில் சொல்லிவிடுவது நல்லது.

அப்புறம் அண்ணனின் நண்பர். 2 கோடி என்பது உங்கள் செக்கிலேயே வராது. ஒரு தடவைக்கு 20 கிலோ, நாளைக்கு 8 தடவை, இரண்டு செக்கு, மாதம் 26 நாள் என்று இடைவிடாமல் ஓட்டினாலும் 3,300 லிட்டர் பக்கம்தான். கடை விலை 290க்கு வருஷம் 1.16 கோடி. அதற்கு மேல் வேண்டுமென்றால் இன்னும் செக்கு போட வேண்டும், அந்தச் செலவு அறிக்கையில் எங்கும் இல்லை. முதல் வருஷம் தவணை போக நிற்பது 2.1 லட்சம், அதில் 20 சதவீதம் 42,000. 5 லட்சத்துக்கு அது 8 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். வங்கி வைப்பிலேயே அதை ஒட்டி வருமே என்று அவர் யோசிப்பார். ஆகவே அவருக்குக் காட்ட வேண்டியது அந்த 60 வீடுகளை. யார் எத்தனை மாதம் விடாமல் வாங்குகிறார்கள், யார் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்பதை நோட்டிலிருந்து எடுத்து முதல் பக்கத்தில் வையுங்கள். வீட்டுக்கு நேராக 360க்கு விற்றால், கொண்டுபோய்க் கொடுக்கும் செலவு போகக் கடையைவிட எவ்வளவு கூட நிற்கிறது என்பதே அவருடைய 5 லட்சத்தின் எதிர்காலம். அதே நோட்டு வங்கிப் பிரதியில் விற்பனைக்குச் சான்றாகக் கடைசியில் இணைப்பாகப் போகட்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம், பி.எம்.இ.ஜி.பி. உங்கள் பெயரில் தனிநபருக்கு வருவது. அதே தொழிலில் அவரைப் பங்குதாரராகச் சேர்க்க முடியாது. அவர் பணம் இப்போதே வேண்டுமென்றால் கடனாக வாங்கி, வங்கியில் அதை மறைக்காமல் காட்டுங்கள். வங்கிக் கடன் முடியும்வரை திருப்பிக் கேட்கமாட்டேன் என்று அவரிடம் எழுத்தில் கேட்பார்கள். அவர் பங்குதான் வேண்டும் என்று நின்றால், கூட்டு நிறுவனத்துக்கும் கம்பெனிக்கும் இடம் தரும், சிறு உணவுத் தொழில்களுக்கான பி.எம்.எஃப்.எம்.இ. திட்டம் இப்போது உங்கள் மாவட்டத்தில் விண்ணப்பம் வாங்குகிறதா என்று விசாரியுங்கள். அங்கே மானியம் 35 சதவீதம், உச்சவரம்பு 10 லட்சம். எந்த வழி என்று அவரிடம் பேசி முடித்த பிறகு இணையத்தில் விண்ணப்பத்தைப் போடுங்கள்.