“சில தகவல்கள்” என்று எழுதாதீர்கள்

வணக்கம் சார். பெரம்பூரில் வீட்டிலிருந்தே இன்ஸ்டாகிராமில் காட்டன் புடவை விற்கிறேன். ஆர்டர் விவரங்களை கூகுள் ஷீட்டில் வைத்திருக்கிறேன். கூரியர்காரருக்காக அதன் லிங்கைத் திறந்துவிட்டேன், திரும்ப மூடவில்லை. நேற்று ஒரு வாடிக்கையாளர் அதில் தன் முகவரி இருப்பதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினார். 212 பேர் விவரம் அதில் இருக்கிறது. “சில தகவல்கள் வெளியாகியிருக்கலாம், வருந்துகிறோம்” என்று தம்பி எழுதித் தந்திருக்கிறான். இதைப் போட்டால் போதுமா?
ஆர்., பெரம்பூர்

அன்புள்ள ஆர்.,

போதாது. தம்பி பயத்தில் எழுதியிருக்கிறார், புரிகிறது. ஆனால் அதைப் படிப்பவருக்கு எதில் உஷாராக இருக்க வேண்டும் என்று தெரியாது.

போன ஆடி மாதம் மயிலாப்பூரில் என் சித்திக்கு ஒரு போன் வந்தது. “மாம்பழ மஞ்சள் புடவை, 1,450 ரூபாய், உங்கள் ஆர்டர்தானே? கதவு எண் தப்பாக இருக்கிறது. 5 ரூபாய் கட்டினால் மறுபடி அனுப்புகிறோம்.” நிறமும் விலையும் சரியாக இருந்ததால் கடையிலிருந்துதான் பேசுகிறார்கள் என்று நம்பிவிட்டார். அனுப்பிய லிங்கைத் தொட்டு, தொகையைப் பார்க்காமல் யுபிஐ பின் போட்டார். 18,000 ரூபாய் போனது. அந்தக் கடை நான்கு நாள் முன்பே பதிவு போட்டிருந்தது, சித்தி படித்தும் இருந்தார். அதில் இருந்ததும் “சில தகவல்கள்” என்பதுதான். தன் புடவையின் நிறம்கூட வெளியே போயிருக்கும் என்று அவர் எப்படி நினைப்பார்?

அதனால் ஷீட்டின் தலைப்பு வரிசையைப் பார்த்து, அதில் உள்ளதை அப்படியே எழுதுங்கள்: பெயர், போன் எண், முகவரி, வாங்கிய புடவை, தொகை. பணம் அனுப்பிய ரெஃபரன்ஸ் எண்ணைக் குறித்து வைத்திருந்தால் அதையும் சேருங்கள். கார்டு எண்ணும் யுபிஐ பின்னும் உங்களிடம் வருவதே இல்லை. அதையும் சொல்லுங்கள், ஆனால் கடைசியில்.

“யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை” என்ற வரி மட்டும் வேண்டாம். சாதாரண ஜிமெயில் கணக்கில் லிங்க் வழியாக யார் பார்த்தார்கள் என்ற பதிவு உங்களுக்குக் கிடைக்காது. வெர்ஷன் ஹிஸ்டரியில் தெரிவது திருத்தங்கள்தான். பார்க்க வழியே இல்லாதபோது “தெரியவில்லை” என்று எழுதினால், தேடிப் பார்த்து எழுதியதுபோல ஆகிவிடும்.

பதிவுக்கு முன், ஷேர் பட்டனில் Anyone with the link என்பதை Restricted ஆக்குங்கள். ஏற்கெனவே நகல் எடுத்தவர்களிடமிருந்து அது திரும்பாது. கூரியர்காரருக்கு லிங்க் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியில் தேதி இருக்கும்; ஷீட் திறந்து கிடந்த காலம் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு மெயிலும் அனுப்ப வேண்டும்: 2022-இல் வந்த உத்தரவுப்படி இப்படிப்பட்ட கசிவு தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும். முகவரி incident@cert-in.org.in. நேரம் தாண்டியிருந்தாலும் அனுப்பிவிடுங்கள்.

நான் எழுதினால் பதிவு இப்படி இருக்கும்:

“எங்கள் கடை பெயரைச் சொல்லிப் பணம் கேட்டு போன் வந்தால் கட்டாதீர்கள். உங்கள் பெயர், போன் எண், முகவரி, வாங்கிய புடவை, விலை ஆகியவை இருந்த எங்கள் ஆர்டர் ஷீட் (இந்தத் தேதி) முதல் (இந்தத் தேதி) வரை, லிங்க் கிடைத்த யாரும் பார்க்கும்படி திறந்திருந்தது. மூடாமல் விட்டது என் தவறு. 212 பேரின் விவரம் அதில் இருந்தது. யார் பார்த்தார்கள் என்று கண்டுபிடிக்க எங்களிடம் வழியில்லை. உங்கள் ஆர்டரைச் சரியாகச் சொன்னாலும் பேசுவது நாங்கள் என்று நம்ப வேண்டாம். டெலிவரிக்குத் தனியாகப் பணம் கேட்க மாட்டோம். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். கார்டு எண், யுபிஐ பின் எங்களிடம் இல்லை. ஆர்டர் எண்ணையோ போன் எண்ணையோ கமெண்டில் போடாதீர்கள்.”

எச்சரிக்கையை முதல் வரியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. இன்ஸ்டாகிராமில் தொடக்கம் மட்டுமே கண்ணில் படும், மீதியை விரித்துத்தான் படிக்க வேண்டும். மன்னிப்பில் ஆரம்பித்தால் பலருக்கு மன்னிப்பு மட்டுமே போய்ச் சேரும். ஸ்டோரியில் மட்டும் போட்டு விடாதீர்கள், 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். கமெண்டுகளையும் கவனியுங்கள். “உதவி வேண்டுமா, இந்த எண்ணுக்கு வாருங்கள்” என்று போலிக் கணக்குகள் அங்கே வந்துவிடும். பார்த்தவுடன் நீக்குங்கள்.

அப்புறம், வாங்கிய எல்லோரும் உங்களைப் பின்தொடர மாட்டார்கள். 212 பேருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். அவசரத்தில் வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்துவிடாதீர்கள், எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரிந்து இன்னொரு கசிவாகிவிடும். பிராட்காஸ்ட்டும் உங்கள் எண்ணைச் சேமித்தவர்களுக்குத்தான் போகும். ஒவ்வொருவருக்கும் அனுப்ப இரண்டு மாலை ஆகும், தம்பியையும் உட்கார வையுங்கள். இரட்டை டிக் விழாதவர்களுக்குப் போன் செய்யுங்கள். வயதானவர்கள் யாரென்று தெரிந்தால் அவர்களுக்கு முதலில், இன்றைக்கே.